மூன்று பேர், ஒரு விளை: குறும்படத்தில் ஒவ்வொருவரையும் அவரவர் பேச்சில் பேசவைப்பது எப்படி?

களியக்காவிளைப் பக்கம் குறும்படம் எடுக்க முனையும் இளைஞர்கள் திரைக்கதையோடு வந்து என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நம் வட்டாரச் சொற்களை இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தர முடியுமா?" எல்லைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசை இயல்பாகவே வரும். தண்ணீரை வெள்ளம் என்கிறோம், மரவள்ளியை மரச்சீனி என்கிறோம், பலாவைச் சக்கை என்கிறோம். இந்தச் சொற்கள் திரையில் ஒலித்தால் ஊரே வந்து நின்றதுபோல இருக்கும். ஆனால் ஊர் வந்து நிற்பது வேறு, ஆட்கள் வந்து நிற்பது வேறு. ஒரே வீட்டில் வாழும் அப்பாவும் மகளும் ஒரே வட்டார வழக்கைத்தான் பேசுவார்கள். வழக்கை மட்டும் நம்பி எழுதினால் திரையில் ஒரே ஆள் இரண்டு சட்டையில் நிற்பார்.

எனவே நான் சொல்லும் முறை கொஞ்சம் தலைகீழானது. வட்டார வழக்கைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதல் வரைவு முழுவதையும் புத்தகத் தமிழில், "போகிறேன்", "இருக்கிறது" என்று முழுமையாக எழுதுங்கள். பேச்சொலியில் எழுதினால் எல்லா வரியும் உயிரோடு இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றிவிடும், அந்தத் தோற்றத்துக்குள் குறை ஒளிந்துகொள்ளும். புத்தகத் தமிழில் அந்த மறைப்பு கிடையாது. எல்லோருக்கும் விகுதி ஒன்றேயாக இருக்கும்போதும் இவர் வேறு, அவர் வேறு என்று தெரிந்தால், வேறுபாடு சொற்களிலும் நடையிலும் இருக்கிறது என்று பொருள். கீழே நான் தரும் வசனங்களும் அந்த நிலையில் இருப்பவைதான்.

ஒரு கதையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். பத்து நிமிடப் படம், மூன்று பேர். தாசையன், வயது 62, அருமனைக்குப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். பிறர் தோட்டங்களில் கூலிக்கு வெட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகப் பன்னிரண்டு சென்ட் இருக்கிறது, அதில் இருபத்திரண்டு ரப்பர் மரங்கள். மகள் மெர்லின் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நர்சிங் படிக்க வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. மூன்றாவது ஆள், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வரும் நிலத் தரகர். பின்விளையை விற்பதா வேண்டாமா என்பதுதான் காட்சி.

இந்தக் காட்சியை யாரும் முதல் தடவை எழுதினால் ஏறக்குறைய இப்படித்தான் வரும்:

தாசையன்: இந்த நிலத்தை நான் விற்க மாட்டேன். இது என் அப்பா எனக்குக் கொடுத்த நிலம்.

மெர்லின்: அப்பா, இந்த நிலத்தை விற்றால்தான் என் படிப்புக் கடனை அடைக்க முடியும்.

தரகர்: இப்போது நல்ல விலை வந்திருக்கிறது. இந்த நிலத்தை விற்பதுதான் உங்களுக்கு நல்லது.

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. கதையும் புரிகிறது. ஆனால் மூவரும் "இந்த நிலம்" என்கிறார்கள். மூவரும் தங்கள் நிலைப்பாட்டையும் அதற்கான காரணத்தையும் ஒரே மூச்சில் முழுமையாகச் சொல்லிவிடுகிறார்கள். மூவரின் வாக்கியங்களும் ஏறக்குறைய ஒரே நீளம். பெயர்களை மாற்றி ஒட்டினாலும் காட்சி அப்படியே ஓடும். இப்போது திருத்தத் தொடங்கலாம்.

முதல் படி: ஒரு பொருளுக்கு மூன்று பெயர்

காட்சியின் நடுவில் இருக்கும் பொருளைக் கண்டுபிடியுங்கள். இங்கே அது அந்தத் துண்டு நிலம். ஒவ்வொருவரும் அதை என்னவென்று சொல்வார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அழகான சொல்லைத் தேட வேண்டாம். அந்த ஆள் அந்த நிலத்தோடு தினமும் என்ன செய்கிறார் என்று யோசித்தால் சொல் தானாக வரும்.

தாசையனுக்கு அது விளை. களியக்காவிளையின் பெயரிலேயே இருக்கிற விளை. ஆனால் அவர் அதைப் பரப்பால் அளப்பதில்லை. எத்தனை சென்ட் என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார், எத்தனை மரம் என்று கேட்டால் உடனே சொல்வார். ஆகவே அவர் வாயில் அந்த நிலம் "இருபத்திரண்டு மரம்". தரகருக்கு அது "பன்னிரண்டு சென்ட்". அவர் ஒருமுறைகூட மரம் என்று தானாகத் தொடங்க மாட்டார். மெர்லினுக்கு அது "பின்பக்கம்". சிறு வயதில் விளையாடிய இடம் என்பதால் அவளுக்கு அதை நிலமாகப் பார்க்கத் தெரியாது. இப்போது அது கடனின் பாக்கித் தொகையாகவும் ஆகிவிட்டது. அதனால் அவள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே தயங்குவாள், "அதைக் கொடுத்தால்" என்று சுட்டுச் சொல்லோடு நிறுத்திக்கொள்வாள்.

இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஒருவர் மரம் என்றும் மற்றவர் சென்ட் என்றும் பேசும்போது, இருவரும் ஒரே இடத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது பார்ப்பவருக்குப் புரிகிறது. "எனக்கு இந்த மரங்கள் மீது பாசம்" என்று தாசையன் சொல்லத் தேவையில்லை.

நிலம் தவிர இன்னும் இரண்டு பொருள்களுக்கு மட்டும் இப்படிப் பெயர் எழுதுங்கள். பத்து நிமிடப் படத்துக்கு மூன்று பொருள் போதும். எங்கள் கதையில் மற்ற இரண்டு, நிலத்துக்கான காகிதமும் கடனும். காகிதத்தைத் தரகர் பட்டா என்பார். தாசையன் கரம் கட்டின ரசீது என்பார். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் வளர்ந்தவர்களின் வீடுகளில் நிலவரிக்குக் "கரம்" என்ற சொல் ஒட்டிக்கொண்டு வந்தது. தாசையன் அதைத் தன் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டவர். அந்த ஒரு சொல்லில் இரண்டு தலைமுறை இருக்கிறது, அதை விளக்கும் வசனம் தனியாக வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. தொழிலிலிருந்து பெயர்ச்சொல்லை எடுங்கள், உவமையை எடுக்காதீர்கள். பால்வெட்டுகிறவர் என்பதற்காக "வாழ்க்கையே ஒட்டுப்பால் மாதிரி" என்று அவரைப் பேசவைத்தால், அது எழுதியவரின் குரல். தினமும் ஒட்டுப்பாலைப் பிய்த்துக் கூடையில் போடுகிறவருக்கு அது உவமை இல்லை, கிலோவுக்கு இவ்வளவு என்று விற்கிற பண்டம்.

இரண்டாம் படி: வினைமுற்றை எண்ணுங்கள்

நடை என்றதும் பலரும் வேகமாகப் பேசுவது, மெதுவாகப் பேசுவது என்று நினைக்கிறார்கள். அது நடிகரின் வேலை. எழுதுகிறவர் கையில் இருப்பது வாக்கியம் எங்கே முடிகிறது என்பது. தமிழில் அதை அளக்க எளிய வழி இருக்கிறது. ஒரு வசனத்தை எடுத்து அதில் எத்தனை வினைமுற்று, எத்தனை வினையெச்சம் என்று எண்ணிப் பாருங்கள். "போனேன்", "விற்க மாட்டேன்" போன்றவை முற்று, அங்கே மூச்சு முடிகிறது. "போய்", "கேட்டு", "வாங்கிக்கொண்டு" போன்றவை எச்சம், அங்கே மூச்சு தொங்கி நிற்கிறது, கேட்பவர் காத்திருக்க வேண்டும்.

தாசையனுக்கு நான் வைக்கும் விதி: ஒரு வசனத்தில் ஒரே முற்று, மூன்று நான்கு சொற்களுக்கு மேல் போகக்கூடாது. பால்வெட்டும் வேலை விடியலுக்கு முன் தொடங்குகிறது. ஒரு மரத்தில் பட்டையைச் சீவி, சிரட்டையை நேராக்கி, அடுத்த மரத்துக்கு நடப்பார். பல ஆண்டுகள் அப்படித் தனியாக நடந்தவருக்கு நீளமாகப் பேசும் பழக்கம் வராது. அவர் காரணம் சொல்ல மாட்டார், நிலவரத்தைச் சொல்வார். "விற்க மாட்டேன்" என்பதற்குப் பதிலாக "இருபத்திரண்டு மரம் நிற்கிறது" என்பார்.

மெர்லினுக்கு நேர் எதிர் விதி. அவள் பேச்சு எச்சங்களின் சங்கிலி, முற்று வந்து சேர நேரமாகும், சில சமயம் வரவே வராது:

மெர்லின்: காலையில் டூட்டி முடிந்து, குளிக்காமல்கூட பாங்குக்குப் போய், பாக்கி எவ்வளவு என்று கேட்டு, அவர்கள் எழுதிக் கொடுத்த தாளையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் அப்பா, நீங்கள் ஒருமுறை அதைப் பார்த்தால்...

தாசையன்: கஞ்சி குடித்தாயா?

அவள் ஏன் இப்படிப் பேசுகிறாள்? கேட்க வேண்டியதைக் கேட்கப் பயப்படுகிறாள். ஒவ்வோர் எச்சமும் அந்தக் கேள்வியைச் சற்றே தள்ளிப் போடுகிறது. கடைசியில் "பார்த்தால்" என்ற நிபந்தனையில் வந்து நிற்கிறாள், அதற்கப்பால் போக முடியவில்லை. நடைக்கு இப்படி ஒரு காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரணம் இல்லாமல் "இவள் நீளமாகப் பேசுவாள்" என்று மட்டும் முடிவு செய்தால், மூன்றாம் காட்சியில் அந்த நீளம் உங்களுக்கே சலித்துவிடும்.

தரகருக்குக் குட்டைச் சொற்றொடர்கள், ஆனால் தாசையனைப் போல நிற்பவை அல்ல. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கேள்வி இருக்கும். "கேள்விப்பட்டீர்களா இல்லையா?" என்பார், "மரத்துக்கென்ன?" என்பார். பதில் வருவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். தாசையனின் வசனத்துக்குப் பிறகு மௌனம் இருக்கும், தரகரின் வசனத்துக்குப் பிறகு மௌனமே இருக்காது. இருவரும் குட்டையாகப் பேசினாலும் கலந்துபோகாமல் இருப்பது இதனால்தான்.

மூன்றாம் படி: ஓர் ஒட்டுச் சொல்லைக் கொடுங்கள்

ஓர் எழுத்து, இரண்டு எழுத்தில் ஆளைக் காட்டிவிடும் வசதி தமிழில் இருக்கிறது. "ரோடு வருகிறது" என்பவர் தான் பார்த்ததைச் சொல்கிறார். "ரோடு வருகிறதாம்" என்பவர் யாரோ சொன்னதைச் சொல்கிறார், நாளைக்கு ரோடு வராவிட்டால் அவரைக் கேட்க முடியாது. அந்த "ஆம்" விகுதியைத் தரகருக்கு மட்டும் எழுதிவையுங்கள். மற்ற இருவர் வாயிலும் அது வரக்கூடாது. பொறுப்பை ஏற்காமல் ஆசை காட்டும் ஒரு மனிதரை அந்த விகுதி முழுமையாகக் கொண்டுவந்துவிடும், அவரைக் கெட்டவராகக் காட்டும் வசனம் எதுவும் தேவைப்படாது.

மெர்லினுக்கு "ஆல்" விகுதி: கொடுத்தால், பார்த்தால், போனால். தாசையனுக்கு எதுவும் வேண்டாம். மற்ற இருவருக்கும் ஒட்டு இருப்பதால், ஒட்டில்லாத வெறும் சொல்லே அவருடைய அடையாளம் ஆகிவிடுகிறது.

இதில் அளவு தவறினால் உடனே தெரிந்துவிடும். தரகரின் ஒவ்வொரு வினைக்கும் "ஆம்" போட்டால் மூன்றாவது முறையே அரங்கில் சிரிப்பு எழும். அவர் ரூபாயைச் சொல்லும்போது "ஆம்" கூடாது. அவர் கையால் எண்ணித் தரும் முன்பணத்துக்கு அவரே சாட்சி. அங்கே அவர் தெளிவாக, நேராகப் பேசட்டும்.

நான்காம் படி: யார் யாரை எப்படி அழைக்கிறார்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் நம் எல்லோருக்கும் காதில் இருப்பதுதான். கிழக்கிலிருந்து வரும் தரகர் தாசையனை அண்ணாச்சி என்று அழைப்பார், ஏறக்குறைய ஒவ்வொரு வசனத்திலும். தாசையன் அவரை எப்படியும் அழைக்க மாட்டார், பெயரோ உறவோ எதுவும் வராது. அந்த வெற்றிடம் பார்ப்பவர் காதில் விழும். மகளை அவர் எங்கள் பக்கத்து வழக்கப்படி "மக்களே" என்று அழைப்பார். ஒருத்திதான் என்றாலும் மக்களே. அவள் அவரை நீங்கள் என்பாள். படம் முழுவதும் ஒரே ஒரு இடத்தில் அவர் "மெர்லின்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அவர் கோபத்தைக் காட்டும் அடைப்புக்குறிக் குறிப்பே தேவைப்படாது.

ஐந்தாம் படி: விதியை ஒருமுறை உடையுங்கள்

இதுவரை செய்ததெல்லாம் இந்தப் படிக்கான ஏற்பாடுதான். நான் பார்த்த திரைக்கதைகளில் அதிகம் விட்டுப்போவதும் இதுவே. ஒருவருக்கு ஒரு நடையைக் கொடுத்துவிட்டால், அது மாறும் இடம் கதையின் திருப்பமாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு மாற்றம் போதும்.

எங்கள் காட்சியில் அது ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. ரப்பர் வட்டாரத்தில் "வெட்டு" என்றால் பால்வெட்டு. "மரம் வெட்டப் போகிறேன்" என்று ஒருவர் விடியலில் சொன்னால், அவர் பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போகிறார், மரம் அப்படியே நிற்கும். மரத்தை அடியோடு சாய்ப்பதற்கு எங்கள் சொல் "முறி". வள்ளியூர்ப் பக்கத்தில் ரப்பர் இல்லை, அங்கே வெட்டு என்றால் சாய்ப்பதுதான். தரகரை அந்தப் பக்கத்துக்காரராக வைத்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும். திருத்திய காட்சி இது:

தரகர்: ரோடு வருகிறதாம், அண்ணாச்சி. கேள்விப்பட்டீர்களா இல்லையா? பன்னிரண்டு சென்டையும் ஒரே ஆள் எடுத்துக்கொள்வாராம்.

தாசையன்: இருபத்திரண்டு மரம் நிற்கிறது.

தரகர்: மரத்துக்கென்ன, அண்ணாச்சி? பத்திரம் முடிந்த மறுநாளே வெட்டத் தொடங்கிவிடுவார்களாம்.

(தாசையன் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்க்கிறார்.)

தாசையன்: நான் வெட்டித் தருகிறேன்.

தரகர்: நீங்களா? உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம்? மெஷின் வருமாம். ஒரு மணி நேரத்து வேலையாம்.

தாசையன்: மெஷினா?

(மெர்லின் குடத்தைக் கீழே வைக்கிறாள்.)

மெர்லின்: முறிக்கப் போகிறார்கள், அப்பா.

சங்கிலி சங்கிலியாகப் பேசிக்கொண்டிருந்தவள் மூன்று சொற்களில் முடிக்கிறாள். அப்பாவின் நடையை எடுத்துக்கொள்கிறாள், அப்பாவின் சொல்லையும் எடுத்துக்கொள்கிறாள். "ஆல்" இல்லை, தயக்கம் இல்லை. நிலத்தை விற்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் எந்தப் பக்கம் வந்துவிட்டாள் என்பதை அவள் வாயால் சொல்லவைக்க வேண்டியதே இல்லை.

"முறி" என்பது மதுரையிலோ சென்னையிலோ பார்ப்பவருக்குப் புரியுமா என்ற கேள்வி நியாயமானது. பதிலைச் சொல்லிலேயே தேடாதீர்கள், படத்தின் முதல் நிமிடத்தில் தேடுங்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தாசையன் வாசலில் நிற்கிறார், "வெட்டப் போகிறேன்" என்கிறார், அடுத்த ஷாட்டில் பட்டையில் கத்தி ஓடுகிறது, வெள்ளைப் பால் சிரட்டையில் சொட்டுகிறது. அந்த மூன்று ஷாட்டில் "வெட்டு" என்பதன் பொருளைப் பார்ப்பவர் கற்றுக்கொண்டுவிட்டார். பிறகு வெட்டுக்கு எதிராக "முறி" வரும்போது, மெஷின் என்ற சொல்லும் அப்பாவின் முகமும் மீதியைச் சொல்லிவிடும். காட்சியால் கற்றுக்கொடுக்க முடியாத வட்டாரச் சொல்லை விட்டுவிடுவதே நல்லது. வெள்ளத்துக்கும் இதே முறைதான். வெளியூர்க்காரருக்கு வெள்ளம் என்றால் ஆற்றுப் பெருக்கு. "கொஞ்சம் வெள்ளம் கொண்டுவா" என்ற வரிக்குப் பின்னால் ஒரு டம்ளர் கைமாறினால் போதும்.

ஆறாம் படி: சோதித்துப் பாருங்கள்

நான் செய்யும் சோதனை இடமாற்றம். ஒருவரின் வசனத்தை எடுத்து மற்றவர் பெயருக்கு நேராக ஒட்டிச் சத்தமாக வாசிப்பேன். "இருபத்திரண்டு மரம் நிற்கிறது" என்பதைத் தரகரிடம் கொடுத்தால் விலை பேசுவதாக ஒலிக்கிறது. சொற்கள் அதேதான், பொருள் மாறிவிட்டது. அப்படி மாறினால் அந்த வசனம் தன் ஆளிடம் உறுதியாக நிற்கிறது. இடம் மாற்றியும் எந்த உறுத்தலும் இல்லாத வசனங்களுக்குப் பென்சிலால் கோடு போடுங்கள். முதல் வரைவில் பாதிக்கு மேல் கோடு விழும், அது வழக்கமானதே. கோடு விழுந்த எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை. "வா, உட்கார்" என்பதற்கெல்லாம் தனித்தன்மை தேடினால் பேச்சு செயற்கையாகிவிடும். கதையை நகர்த்தும் வசனத்தில் கோடு விழுந்தால் மட்டும் திருத்துங்கள்.

வாசிக்கும்போது உணர்ச்சி சேர்க்காமல் ஒரே குரலில், செய்தி படிப்பதுபோல வாசியுங்கள். நடித்து வாசித்தால் குரல் வேறுபாடு வசனத்தின் குறையை மூடிவிடும். கூடவே ஒரு கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் தட்டச்சுப் பக்கத்தை வைத்து வந்தது, தமிழ்ப் பக்கத்துக்கு அதை நம்ப முடியாது. அதிலும் தாசையனைப் போன்றவரின் காட்சி தாளில் பாதிப் பக்கம்தான் இருக்கும், திரையில் அதன் மௌனங்களோடு இரண்டு நிமிடம் போகும். மௌனத்தையும் சேர்த்தே அளந்துகொள்ளுங்கள்.

கடைசியாக வட்டார வழக்கும் மலையாளமும்

இப்போது எல்லோர் வசனத்தையும் பேச்சுக்கு மாற்றலாம். இதை நடிகர்களோடு உட்கார்ந்து செய்யுங்கள். விளவங்கோட்டுக்காரர் ஒருவர் நடித்தால் ஒலியை அவரே கொண்டுவருவார், நீங்கள் எழுத்தில் திணிக்க வேண்டாம். சொற்களில் மட்டும் உங்கள் முடிவு இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வட்டாரச் சொல், அதுவும் ஆளுக்கு ஆள் வேறாக. மெர்லின் வெளியூர்க்காரரான தரகர் எதிரில் தண்ணீர் என்பாள், அப்பாவிடம் தனியாக இருக்கும்போது வெள்ளம் என்பாள். ஒரே ஆள் யாரிடம் எந்தச் சொல்லை எடுக்கிறார் என்பதில்தான் எல்லைப் பகுதியின் வாழ்க்கை இருக்கிறது.

எல்லையில் இருப்பவர் எப்போதும் இரண்டு மொழியையும் கலந்தே பேசுவார் என்று எழுதுவது தவறு. எங்களைக் கேலிப் பாத்திரமாக்கிய பல படங்களின் பழக்கம் அது, நாமே அதைத் தொடரக்கூடாது. மொழி மாறுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. மெர்லினுக்கு அது போன். வார்டிலிருந்து அழைப்பு வந்தால் அவள் தெளிவான, முழுமையான மலையாளத்தில் பேசிவிட்டு, போனை வைத்ததும் அப்பாவிடம் தமிழுக்குத் திரும்புவாள். அந்த இரண்டு வரியை மலையாளம் அறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

அவளோடு வேலை செய்யும் மலையாளிப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து தமிழ் பேசினால், உச்சரிப்பைக் கோணலாக எழுதாதீர்கள். மலையாளத்தில் வினைமுற்று ஆண், பெண், ஒருமை, பன்மை எதையும் காட்டுவதில்லை. வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே வடிவம்தான். ஆகவே அவள் தடுமாறுவது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் இருக்கும். "அப்பா எப்போது வந்தது?" என்று மரியாதையோடு கேட்பாள். மரியாதை முகத்தில் இருக்கும், விகுதியில் இருக்காது. தாசையன் அதைத் திருத்தாமல் பதில் சொல்வார்.

ஒத்திகையில் ஒரு சோதனை வரும், அதற்கு இப்போதே தயாராக இருங்கள். "முறிக்கப் போகிறார்கள், அப்பா" என்ற வரிக்குப் பிறகு தாசையனாக நடிப்பவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருக்கும். "என் பிள்ளைகளைப் போல வளர்த்த மரம்" என்று ஒரு வரியை அவரே சேர்த்துப் பார்ப்பார், கூட இருப்பவர்களுக்கும் அது பிடிக்கும். அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவர் குனிந்து, தரகர் குடித்து முடித்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகட்டும்.